ஆயிரம் ஷீட் எடுக்கிறோம்

"எண்ணூறுக்கு மேல வாயைத் திறக்காதேன்னு நேத்தே…"

"எண்ணூறு சொன்னா அவர் உட்காரக்கூடச் சொல்ல மாட்டாருக்கா, ஆயிரம் சொன்னாத்தான்…"

"உட்கார நம்மகிட்ட இல்லாத மெத்தையா? நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"பத்து பர்சென்ட் வேணும்னா ஆயிரம். அஞ்சு போதும்னா வண்டியைத் திருப்பிடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இரண்டில் ஒன்றைச் சொல்கிற நிலையில் மூத்தவள் இல்லை. வண்டி ஃபோம் கிடங்கின் வாசலில் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. கேட்டைத் திறந்து வைத்த காவலாளி, இவர்கள் உள்ளே வருகிறார்களா, இல்லை சண்டை போடத்தான் இவ்வளவு தூரம் வந்தார்களா என்று தெரியாமல் ஒரு கையால் கேட்டைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் வந்த லாரி இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. இளையவள் கண்ணாடியில் லாரிக்காரரை முறைத்துவிட்டு, கியரைப் போட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே ஓட்டினாள். அவள் எப்போதுமே அப்படித்தான். கேள்வியும் அவளே கேட்பாள், பதிலையும் அவளே எடுத்துக்கொள்வாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். வீட்டு வேலையில் ஆரம்பித்த போட்டி எப்படியோ ஒரு மெத்தைப் பட்டறையில் வந்து முடிந்திருந்தது. மூத்தவள் ஃபோம் வெட்டுவாள், உறை தைப்பாள். இளையவள் வாடிக்கையாளர்களிடம் பேசுவாள், ஆர்டர் பிடிப்பாள், வண்டி ஓட்டுவாள். யார் முதலாளி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்குப் பட்டறை திறக்காது.

இப்போது அந்தப் பட்டறைக்கே ஆபத்து வந்திருந்தது. இடம் அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தமான பழைய ஷெட். கார் கழுவும் கடை வைக்க ஒருவர் அதை வாடகைக்குக் கேட்டிருந்தார். நல்ல வாடகை, முன்பணமும் தயார். மூத்தவளின் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், தண்ணீர் டம்ளரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார். விடுதி ஆர்டர் வந்தால் பட்டறை இருக்கட்டும், வராவிட்டால் ஒன்றாம் தேதி ஷெட்டைக் கொடுத்துவிடலாம், தையல் மெஷின்களை வீட்டு மாடியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று. மாடியில் மூன்று மெஷின் போட்டால் ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

விடுதி ஆர்டர் நானூறு மெத்தை. மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். விடுதி மேலாளருக்கு இவர்களுடைய தையல் பிடித்திருந்தது, விலைதான் பிடிக்கவில்லை. ஆறு சதவீதம் குறைத்தால் உங்களுக்கே, இல்லாவிட்டால் கம்பெனி மெத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மெத்தை விலையில் நூற்றுக்கு அறுபது பங்கு ஃபோம்தான். கூலியைக் குறைக்க முடியாது, துணியைக் குறைத்தால் தெரிந்துபோகும். ஆக, ஃபோம்காரர் பத்து சதவீதம் குறைத்தால் மெத்தையில் ஆறு தானாகக் குறையும். அதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் இல்லை. ஃபோம்காரரைக் குறைக்க வைப்பதுதான் பாக்கி.

அதற்கு இளையவள் கண்டுபிடித்த வழிதான் வாசலில் நடந்த சண்டைக்குக் காரணம். சும்மா போய்க் குறையுங்கள் என்று கெஞ்சினால் யார் குறைப்பார்கள்? நாமும் ஏதாவது கொடுக்க வேண்டும். பணமாகக் கொடுக்க நம்மிடம் இல்லை, வாக்காகக் கொடுப்போம். வருஷத்துக்கு இத்தனை ஷீட் உங்களிடமே கண்டிப்பாக எடுக்கிறோம், அதற்குப் பதிலாக விலையில் சலுகை கொடுங்கள் என்று கேட்போம். எத்தனை ஷீட் என்பதில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு மெத்தைக்கு ஒரு ஷீட். சொன்ன அளவு எடுக்க முடியாமல் போனால் அது யார் தலையில் விழும் என்ற கேள்வி மூத்தவளுக்கு. அந்தக் கேள்வியை நினைத்தால் ஒரு காரியமும் ஓடாது என்பது இளையவளின் கட்சி.

கிடங்கின் உள்ளே கூரைவரை ஃபோம். மஞ்சள், வெள்ளை, சாம்பல் நிறப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. நடக்க ஒரு சந்து மட்டும் விட்டிருந்தார்கள். பேசுகிற சத்தத்தை எல்லாம் ஃபோம் குடித்துவிடுவதால் அங்கே எல்லோரும் ரகசியம் பேசுகிறவர்கள்போலவே இருப்பார்கள். கோடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் ஃபோம்காரர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு விற்கும்போது 'அக்கா', 'தங்கச்சி'. விலை குறைக்கச் சொன்னால் உடனே 'மேடம்'.

"வாங்கக்கா, வா தங்கச்சி" என்று நாற்காலி போட்டார். சாயங்காலம் பத்து ஷீட் அவசரமாக வேண்டும் என்று போன் பண்ணுகிறவர்கள் நேரிலேயே வந்துவிட்டீர்களே, இன்றைக்கு என்ன அவசரம் என்று சிரித்தார்.

இளையவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். நானூறு மெத்தைக்கு ஒரு விடுதி ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பத்து சதவீதம் குறைத்தால் கிடைத்துவிடும், அதற்காக மட்டும் கேட்கவில்லை, இந்த வருஷம் முழுவதும் ஆயிரம் ஷீட் எடுப்பதாக எழுதிக் கொடுக்கிறோம் என்றாள். மூத்தவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். எண்ணூறுக்கு மேல் திறக்காதே என்று நேற்றே சொல்லி வைத்த வாய் அது.

"பத்து பர்சென்ட் ஒரே தடவையில முன்னூறு எடுக்கிறவங்களுக்குத்தான் மேடம்" என்றார் ஃபோம்காரர்.

மேடம் வந்துவிட்டது.

முன்னூறை ஒரே தடவையில் எடுத்தால் வைக்க இடம் ஏது, ஷெட்டுக்குள் ஃபோம் இருக்கும், நாங்கள் வெளியே நின்றுதான் தைக்க வேண்டும் என்றாள் இளையவள். ஒரேயடியாக எடுத்தால் என்ன, பிரித்துப் பிரித்து எடுத்தால் என்ன, வருஷக் கடைசியில் உங்களிடமிருந்து போகிற சரக்கு அதேதானே? அவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். உடனே மறுக்கவில்லை என்பதை மூத்தவள் கவனித்தாள். போன வருஷம் எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டார்.

"எழுநூறு மெத்தை குடுத்திருக்கோம்ணா. அதோட விடுதி நானூறு. ஆயிரத்து நூறு ஆச்சு. நான் குறைச்சுத்தான் ஆயிரம் சொல்றேன்."

ஃபோம்காரர் தலையாட்டியபடியே பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"என்கிட்ட எடுத்தது நானூத்தி அறுபது. மிச்சம் இருநூத்தி நாப்பது ஷீட் எங்க எடுத்தீங்க மேடம்? வேற ஆள்கிட்டயா?"

இளையவள் குனிந்து திரையில் இருந்த எண்ணைப் படித்தாள். வேறு யாரிடமும் ஒரு ஷீட்கூட எடுத்ததில்லை என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவர், அப்படியென்றால் எழுநூறு மெத்தையை எதை வைத்துத் தைத்தீர்கள், காற்றையா என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் கேலிக்கு அடியில் ஒரு சலிப்பு இருந்தது. பொய்க் கணக்கு சொல்லிச் சலுகை கேட்க வருகிறவர்களை நிறையப் பார்த்த மனிதரின் சலிப்பு.

மூத்தவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.  பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு மெத்தையையும் இளையவள் எண்ணிக்கொள்வாள். ஆனால் போகிற மெத்தை எல்லாம் புது மெத்தை இல்லையே. பழைய மெத்தையைக் கொண்டுவந்து கொடுத்து, உறை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர். பழைய உறையைக் கிழித்து, அதே ஃபோமுக்குப் புதுத் துணி போட்டு, ஓரம் தைத்து அனுப்புவதுதான் மூத்தவளுக்குப் பாதி நாள் வேலை. அந்த மெத்தைகளுக்கு ஒரு ஷீட்கூட வெட்டியதில்லை. இளையவள் கணக்கில் அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று. தைக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. மூத்தவளும் எண்ணூறு என்று சண்டை போட்டாளே தவிர, எழுநூறு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டாளா? அவளும் கேட்கவில்லை. எண்ணூறு என்பதும் பயத்தில் சொன்ன எண்தான்.

மூத்தவள் மெதுவாக, அது உறை மாற்றுகிற வேலை என்று சொன்னாள். எங்கள் தப்புதான், ஏமாற்ற வரவில்லை என்றும் சொன்னாள். அவர் நம்பினார். நம்பினாலும் கணக்கு மாறவில்லை. நானூற்று அறுபதும் நானூறும் சேர்த்தால் எண்ணூற்று அறுபது. பிரித்துப் பிரித்து எடுத்தால் வருஷத்தில் ஐநூறைத் தாண்டினால் ஐந்து சதவீதம் தருகிறேன், ஆயிரத்துக்குத்தான் பத்து, இது எனக்குக் கம்பெனி போட்ட கோடு, நான் போட்டதில்லை என்றார். அவருக்கும் மேலே ஒரு ஆள் இருந்தான். ஒரே ரகத்தை முன்கூட்டியே மொத்தமாகப் பதிவு செய்தால் ஃபோம் கம்பெனி அவருக்கு விலை குறைக்கும். நாளைக்கு யார் வந்து எதைக் கேட்பார்கள் என்று தெரியாமல் எல்லா ரகத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அடுக்கி வைத்திருப்பதுதான் அவருக்கு நஷ்டம். அந்தக் கூரைவரை ஏறிய பாளங்களைக் காட்டி, இதில் பாதி யாருக்காக வாங்கினேன் என்று எனக்கே மறந்துவிட்டது என்றார்.

ஐந்து சதவீதம் கிடைத்தால் மெத்தையில் மூன்றுதான் குறையும். விடுதிக்காரர் ஆறு கேட்கிறார். மூன்றுக்கு அவர் கம்பெனி மெத்தைக்குப் போய்விடுவார். பிறகு ஷெட்டில் தண்ணீர்ப் பைப் வரும், சோப்பு நுரை வரும், மெஷின் மாடிக்குப் போகும்.

  வாசலில் அத்தனை சத்தம் போட்ட இளையவள், இப்போது கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்று தோன்றவேண்டிய இடத்தில் மூத்தவளுக்கு வேறு ஏதோ தோன்றியது. அந்த இருநூற்று நாற்பது மெத்தைகள் கண்முன்னால் வந்து நின்றன. ஒவ்வொன்றையும் அவள் கையால் தொட்டிருக்கிறாள். உறையைக் கிழித்தால் உள்ளே நடுவில் ஆள் படுத்த பள்ளம். ஓரம் மஞ்சளாகி உதிர்கிற பொடி. அழுத்தினால் எழுந்திருக்காத ஃபோம். புதுத் துணியைப் போட்டு இழுத்துத் தைத்து, மேலே தட்டிச் சமமாக்கி அனுப்பும்போதெல்லாம், இது ஆறு மாசம் தாங்கினால் பெரிசு என்று நினைத்துக்கொள்வாள். சொன்னதில்லை. அவள் சொல்வதை யாரும் அனுமதித்ததில்லை என்பதும் உண்டு. ஒரு தடவை ஒருவர், இந்த மெத்தை பத்து வருஷம் வருமா என்று கேட்டார். பத்து வருஷம் வரும், உங்கள் எடைக்கு ஆறு என்று பதில் சொன்னதிலிருந்து இளையவள் அவளை வாசல் பக்கமே விடுவதில்லை.

"ஆயிரம் எடுக்கிறோம்ணா" என்றாள் மூத்தவள்.

ஜிப் நின்றது.

"இப்பத்தானேக்கா எண்ணூத்தி அறுபதுன்னு…" என்று இளையவள் ஆரம்பித்தாள்.

"அந்த இருநூத்தி நாப்பது பேர் மெத்தையிலயும் ஃபோம் கெட்டுப்போச்சு. காசு அதிகம்னுதான் உறையோட நிறுத்திக்கிறாங்க. நீங்க பத்து குறைச்சா, நான் அவங்களுக்குக் குறைச்சுச் சொல்ல முடியும். அதுல நூத்தி நாப்பது பேர் ஃபோமும் மாத்தினா ஆயிரம் வந்துடும். அது உங்களுக்குப் புதுசா வர்ற வியாபாரம். இன்னைக்கு அது யாருக்கும் போகலை."

ஃபோம்காரர் அவளைப் பார்த்தார். மேடமா அக்காவா என்று அவருக்கே தீர்மானமாகவில்லை போலிருந்தது. உறை மாற்ற வருகிறவர்கள் ஃபோம் மாற்றுவார்கள் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டார். நிச்சயம் இருந்தால் வாக்கு எதற்கு, ரொக்கமாகவே கொடுத்துவிட்டுப் போவோமே என்றாள் மூத்தவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் காகிதத்தை எடுத்தார். அங்கேதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

அவர் முதலில் கேட்டது கறாராக இருந்தது. ஆயிரம் என்றால் ஆயிரம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆயிரத்துக்கும் பில் போடுவேன். இளையவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். இந்தத் தடவை மூத்தவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். எடுக்காத சரக்குக்குக் காசு கட்டுவது நடக்காது என்றாள். வேண்டுமானால் இப்படிச் செய்வோம். வருஷக் கடைசியில் எங்கள் எண் எங்கே வந்து நிற்கிறதோ, அந்த அளவுக்கு என்ன சலுகையோ அதுதான் எங்களுக்கு. ஆயிரத்துக்குக் கீழே நின்றால், அதிகமாக வாங்கிய சலுகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் கொடுத்ததில் உங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை, நாங்கள் எடுக்காததை நாங்கள் சுமக்கவும் வேண்டாம்.

அவர் யோசித்து, அது நியாயம்தான் என்றார். ஆனால் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எடுத்துவிட்டு ஐந்து சதவீதத்துக்கு விழுந்தால் நீங்கள் என் வாசலில் வந்து அழுவீர்கள் என்று அவரே சொன்னார். மூத்தவள் அந்த வார்த்தையை விடவில்லை. அப்படியானால் தொள்ளாயிரத்தைத் தாண்டினால் எட்டு என்று போடுங்கள் என்றாள். அவர் கம்பெனிக் கோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, அந்த இடைவெளியை என் கையிலிருந்து போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினார்.

அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் இளையவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"பத்து பர்சென்ட் எதுல குறையும்? அன்னன்னைக்கு இருக்கிற விலையிலதானே? அடுத்த மாசம் உங்க விலையே பன்னண்டு ஏறிச்சுன்னா நாங்க குறைச்சு வாங்கினதா அர்த்தமா, கூட்டி வாங்கினதா அர்த்தமா?"

விடுதிக்காரருக்கு மூன்று மாதத்துக்கும் ஒரே விலைதான் சொல்ல முடியும். ஃபோமோ மாதத்துக்கு மாதம் மாறுகிற சரக்கு. கெமிக்கல் விலை ஏறினால் கம்பெனி ஏற்றிவிடும், அதை நான் எப்படிப் பிடித்து நிறுத்துவேன் என்றார் ஃபோம்காரர். வருஷம் முழுவதும் நிறுத்த வேண்டாம் என்றாள் அவள். விடுதிக்கான நானூறுக்கு மட்டும் இன்றைய விலையில் பத்து குறைத்து அதையே நிறுத்தி வையுங்கள். மிச்சம் அறுநூறு அன்றைய விலையில் பத்து குறைத்து. அவர் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரே ரகத்தில் நானூறு என்றால் இந்த வாரமே பதிவு செய்தால் விலையை நிறுத்தித் தருகிறோம் என்று அங்கே சொன்னார்கள். ஆனால் இவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் அவர் பதிவு செய்வார். விடுதிக்காரர் சரி சொன்னால்தான் இவர்கள் எழுதிக் கொடுக்க முடியும். விலை தெரிந்தால்தான் விடுதிக்காரர் சரி சொல்வார்.

"சனிக்கிழமை வரைக்கும் இந்த விலை நிக்கும்" என்றார் ஃபோம்காரர். "ஞாயித்துக்கிழமை நான் யாரோ, நீங்க யாரோ."

அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அதை அவர் சொன்ன விதத்தில், இவ்வளவு நேரமும் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது. சாயங்காலம் போன் பண்ணிப் பத்து ஷீட் கேட்பது இன்றோடு முடிந்தது. மாதத்தில் இரண்டு நாள், அவர் சொல்லும் நாளில், முழு வண்டி லோடு. எத்தனை என்பது முந்தின வாரமே சொல்லியாக வேண்டும். மெத்தைக்கு ஒரே ரகம், நடுத்தர அடர்த்தி. அதுதான் இந்தக் கணக்கில் சேரும். சோபாவுக்கு வாங்குகிற மென்மையான ரகம் பழைய விலையில், தனியாக. மூத்தவள் இதற்குத்தான் அதிகம் தயங்கினாள். பத்து ஷீட் அவசரம் என்பது பட்டறையின் சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது. ஷீட் தீர்ந்தபிறகுதான் அவள் தீர்ந்ததைப் பார்ப்பாள். ஆனால் வண்டி முழுக்க நிரப்பி அனுப்பினால் அவருக்கு ஒரு நடை மிச்சம், அரை வண்டிக்கு டீசல் போட வேண்டாம். அவர் குறைக்கிற பத்தில் ஒரு பங்கு அங்கேயிருந்துதான் வருகிறது என்று புரிந்ததும் தலையாட்டினாள்.

வெளியே வந்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்று, இளையவள் விடுதி மேலாளருக்குப் போன் போட்டாள். மூத்தவள் ஃபோனுக்குக் காது கொடுக்காததுபோல டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இளையவள் ஆறு என்று சொன்னாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ பேசினார். இவள், இல்லை சார் ஆறுதான், ஏழு இல்லை என்றாள். மறுபடி அவர் ஏதோ பேசினார். இவள் ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு, மூன்று மாதத்துக்கும் விலை ஏறாது என்று எழுதியே தருகிறோம், மெத்தைக் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள் அவர்கள் தருவார்களா என்று சொன்னாள். மூத்தவள் டயரைக் காலால் ஒரு உதை விட்டாள். டயர் ஒன்றும் செய்யவில்லை.

"சரின்னுட்டார்" என்றாள் இளையவள். "ஆர்டரை இப்பவே போன்ல அனுப்பறாராம். விலை ஏறாதுன்னதும்தான் சரின்னார்க்கா. ஆறுக்கு இல்ல."

ஆர்டர் வந்தது. திரையில் பெரிசாக்கிப் பார்த்து, நானூறு என்பதில் சைபர் இரண்டுதானா என்று மூத்தவள் விரலை வைத்து எண்ணினாள். உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஃபோம்காரர் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுத்தார். முதல் லோடுக்கு நாளும் குறித்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் இளையவள் இன்ஜினைப் போடவில்லை. மூத்தவள் கணவருக்குப் போன் பண்ணி, ஷெட் இருக்கட்டும் என்று சொன்னாள். அவர், விடுதி வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றாள். அத்தோடு ஆயிரம் ஷீட்டும் வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நல்ல செய்தி அவருக்குப் போதும்.

"ஆயிரம் சொன்னதுக்கு நீங்கதான் என்னை அடிக்க வந்தீங்க" என்றாள் இளையவள்.

"இப்பவும் அடிப்பேன். நூத்தி நாப்பது வரலைன்னா, வருஷக் கடைசியில நாம திருப்பிக் கட்டறது ஒரு தையல் மெஷின் விலை. எந்த மெஷினைக் குடுக்கறதுன்னு இப்பவே பேசி வச்சுக்கலாமா?"

 உறை மாற்றிக் கொடுத்ததையும் புது மெத்தையையும் ஒன்றாக எண்ணியது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று இளையவளே சொன்னாள். நீங்கள் சொல்லாமல் இருந்தால் நான் எழுநூறுதான் என்று சத்தியம்கூடப் பண்ணியிருப்பேன் என்றாள்.   மூத்தவள் கையை நீட்டினாள்.

"ஃபோனைக் குடு. உறை மாத்தினவங்க நம்பர் எல்லாம் அதுலதானே இருக்கு."

"நீங்களா பேசப் போறீங்க?" இளையவள் ஃபோனைக் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "நான் பேசறேன்க்கா. நயமாப் பேசணும்."

நயமாகப் பேசி என்ன சொல்வாய், எந்த மெத்தை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள் மூத்தவள். போன மாதம் பூப்போட்ட நீலத் துணியில் உறை மாற்றிக் கொடுத்தோமே, அந்தப் பள்ளிக்கூட டீச்சர் வீட்டு மெத்தை, அது நடுவில் இரண்டாக மடிகிற நிலையில் இருந்தது, அந்த அம்மா அதில் எப்படித்தான் முதுகை வைக்கிறாரோ என்று அன்றைக்கே நினைத்தேன், அங்கேயிருந்து ஆரம்பிப்போம். இளையவள் தயங்கித் தயங்கி நம்பரைத் தேடி எடுத்துப் போட்டாள். பேசும்போது சிரித்துக்கொண்டே பேசுங்கள் என்று கெஞ்சினாள். எடையைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது என்றாள்.

மூத்தவள் ஃபோனைக் காதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும் தான் யார் என்று சொன்னாள், நலம் விசாரித்தாள், உறை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. இளையவள் பக்கத்திலிருந்து சிரியுங்கள் சிரியுங்கள் என்று சைகை காட்டினாள்.

"உறை நல்லாத்தான் இருக்கும் டீச்சர், நான் தைச்சது. உள்ள இருக்கிற ஃபோம்தான் செத்துப்போச்சு, அதை என்னைக்கு வந்து எடுத்துக்கட்டும்?"